மண்டையோட்டில் வட்டத் துளைகள்: மைலோமாவா, பரவி வந்த புற்றுநோயா?

63 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 3 மாதமாக முதுகுவலி. 8 வருடத்துக்கு முன்னால் மார்பகப் புற்றுநோய்க்கு சிகிச்சை எடுத்து முடித்தவர். மண்டையோட்டைப் பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயில் பத்துப் பன்னிரண்டு கருப்பு வட்டங்கள் தெரிகின்றன. பழைய நோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் முதலில் பயப்படுவார்கள். மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா செல்களில் தொடங்கும் புற்றுநோயான மல்டிபிள் மைலோமாவாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால், அவசரப்படாமல் படத்தைப் பார்க்க வேண்டும்.

முதலில் துளையின் ஓரம். மைலோமாவில் அது காகிதத்தில் பஞ்ச் மெஷினை அழுத்தி எடுத்த மாதிரி இருக்கும். விளிம்பு கூர்மை, சுற்றி வெள்ளைக் கோடு இல்லை. அந்த வெள்ளைக் கோடு, பழுதான இடத்தைச் சுற்றி உடம்பு புது எலும்பு கட்டுவதன் அடையாளம். மைலோமாவின் பிளாஸ்மா செல்கள் எலும்பைத் தின்னும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. கட்டும் செல்களை அடக்கியும் வைக்கின்றன. இடிப்பு மட்டும் நடக்கிறது, மராமத்து நடப்பதில்லை. மார்பகத்திலிருந்து பரவியதில் பெரும்பாலும் இரண்டும் கலந்து நடக்கும். அதனால் ஓரம் மங்கலாக இருக்கும், அங்கங்கே வெண்மையும் தெரியும். துளைகளும் ஒன்று சிறிது, ஒன்று பெரிது என்று இருக்கும். இந்தப் பெண்ணின் படத்தில் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அளவு, அரை சென்டிமீட்டரிலிருந்து ஒன்று வரை. தட்டு மைலோமா பக்கம் சாய்கிறது.

ஆனால் சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றிலிருந்து பரவும் புற்றுநோயும் சுத்தமாக அரித்த துளையைப் போடும். வயதானவர்களின் மண்டையோட்டில் ரத்தக் குழாய் அகன்ற குழிகூட ஒரு துளை மாதிரி தெரியும். ஒரே ஒரு வட்டத்தை வைத்து யாரும் பெயர் சொல்லக் கூடாது.

அடுத்து முதுகெலும்பு. முன்பக்கப் படத்தில் ஒவ்வொரு முள்ளெலும்பிலும் இரண்டு கண் மாதிரித் தெரிபவை பெடிக்கிள்கள். ஒரு கண் காணாமல் போனால் ‘கண்ணடிக்கும் ஆந்தை’ என்பார்கள். அது பரவிய புற்றுநோயை நினைக்க வைக்கும். மைலோமா முள்ளெலும்பின் முன்பக்கத்தில் உள்ள பருத்த பகுதியை முதலில் அரிக்கும், கண்கள் கடைசிவரை நிற்கும் என்பது பழைய பாடம். இவருக்கு 12ஆம் மார்பு முள்ளெலும்பு ஆப்பு போல நசுங்கியிருக்கிறது, இரண்டு கண்களும் இருக்கின்றன. இந்த அடையாளத்துக்கு நான் பெரிய மதிப்பெண் தர மாட்டேன். இரண்டு நோயிலும் விதிவிலக்குகள் ஏராளம்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது எலும்பு ஸ்கேனுக்கும் எக்ஸ்ரேக்கும் உள்ள முரண்பாடு. ஸ்கேனுக்காக ஏற்றும் டெக்னீசியம் மருந்து, புது எலும்பு கட்டப்படும் இடத்தில்தான் போய்ச் சேரும். மார்பகப் புற்று பரவிய இடம் பெரும்பாலும் பளிச்சென்று தெரியும். இவரின் ஸ்கேனில் நசுங்கிய முள்ளெலும்பு மட்டும் தெரிகிறது; முறிவு ஆறும் இடம் என்பதால் அது எதிர்பார்த்ததே. எக்ஸ்ரேயில் அத்தனை துளை காட்டிய மண்டையோடு ஸ்கேனில் வெறுமையாக இருக்கிறது. ரத்தத்திலும் அதே கதை: புது எலும்பு கட்டும்போது ஏறும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 78, அதாவது இயல்பு. எலும்புக்குப் பரவிய புற்றில் பெரும்பாலும் இது ஏறியிருக்கும். மொத்தப் புரதம் 9.8, ஆல்புமின் 3.0; அப்படியானால் குளோபுலின் 6.8, மிக அதிகம். ஹீமோகுளோபின் 8.4 என்று குறைந்திருக்கிறது, கிரியாட்டினின் 1.9 என்று ஏறியிருக்கிறது. இதற்குமேல் நான் மைலோமா என்றுதான் நினைப்பேன். உறுதி செய்ய, ரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் சீரம் புரத எலக்ட்ரோபோரசிஸும் மஜ்ஜைப் பரிசோதனையும் வேண்டும். மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள்.

எக்ஸ்ரே ‘நார்மல்’ என்று வந்திருந்தால்? எலும்பின் தாதுச்சத்தில் ஏறக்குறைய 30 முதல் 50 சதவீதம் போன பிறகுதான் துளை எக்ஸ்ரேயில் தெரியும். அதனால்தான் இப்போது முழு உடலுக்கும் குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் சிடி ஸ்கேனை முதலில் எடுக்கச் சொல்கிறார்கள். அப்புறம், சிகிச்சை நன்றாக வேலை செய்தாலும் மைலோமாத் துளைகள் பெரும்பாலும் அப்படியே நிற்கும். 6 மாதம் கழித்து எடுத்த படத்தில் அதே வட்டங்கள் இருந்தால் மருந்து பலிக்கவில்லை என்று அர்த்தமில்லை. அதற்கு, மைலோமா செல்கள் ரத்தத்தில் சுரக்கும் எம் புரதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இவரின் தொடை எலும்புப் படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. உட்சுவர் கரண்டியால் சுரண்டியது போல அலையலையாக அரிக்கப்பட்டிருக்கிறது, ஓர் இடத்தில் சுவரின் தடிப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது. எந்த நோயாக இருந்தாலும் இந்தக் கால் எந்நேரமும் முறியலாம். மஜ்ஜை ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காமல், அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் படத்தைக் காட்டி, அவர் பார்க்கும்வரை அந்தக் காலை ஊன்றி நடக்க விடாமல் வைப்பேன்.