க்ரீமை நாமளே செய்யறதா, வெளியில செஞ்சு வாங்கறதா?

சொந்த பிராண்ட்ல ஸ்கின்கேர் ஆரம்பிக்கறவங்க முதல்ல ரேட்டைத்தான் கணக்கு போடறாங்க, ஆனா அதுக்கு முன்னாடி அந்தப் பொருள்ல தண்ணி இருக்கா இல்லையான்னு பாருங்க.

லிப் பாம், பாடி பட்டர், ஃபேஸ் ஆயில்ல தண்ணி கிடையாது, அதனால கிருமி வளர்றது கஷ்டம். நல்ல தராசும் தெர்மாமீட்டரும் இருந்தா நாமளே ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி கொண்டு வந்துடலாம், பழசானா காறல் வாடையே காட்டிக்கொடுத்துடும்.

க்ரீம், ஜெல் அப்படி இல்ல. நான் 2 கிலோ கற்றாழை க்ரீம் செஞ்சு 50 கிராம் டப்பால 40 டப்பா நிரப்பி தெரிஞ்சவங்களுக்கு ட்ரையலுக்கு குடுத்தேன், வைட்டமின் ஈ போட்டிருக்கோமே கெடாதுன்னு நம்பிட்டேன். ஆறாவது வாரம் பக்கத்து தெரு அக்கா மூடியை திருப்பிக் காட்டினாங்க, உள்பக்கம் கடுகு சைஸ்ல கறுப்பு புள்ளிங்க. வைட்டமின் ஈ எண்ணெய் காறாம பாத்துக்கும், பூஞ்சையை தடுக்காது. அதுக்கு பினாக்ஸிஎத்தனால் மாதிரி பிரிசர்வேட்டிவ் வேணும், அதுவும் நம்ம க்ரீம்ல வேலை செய்யுதான்னு லேப்ல வேணும்னே கிருமியை விட்டு 28 நாள் பாக்கற டெஸ்ட் எடுக்கணும், ஏன்னா பூஞ்சையாவது கண்ணுக்கு தெரியுது, பாக்டீரியா தெரியாது.

இன்னொண்ணு, இந்தியாவுல விக்கறதுக்கு செய்யணும்னா 2020 காஸ்மெட்டிக்ஸ் ரூல்ஸ்படி மாநில அதிகாரிகிட்ட COS-8 லைசென்ஸ் வாங்கணும், தண்ணி இல்லாத பொருளுக்கும் அதேதான். தனி இடம், தகுதி உள்ள டெக்னிகல் ஆள் எல்லாம் கேப்பாங்க, வீட்டு அடுப்படி இதுக்கு ஒத்துவராது. அதனால நாமளே செய்யறதுன்னா வாடகையும் சம்பளமும் கணக்குல வந்துடும்.

வெளியில குடுத்தா லைசென்ஸ் செஞ்சு குடுக்கற கம்பெனியோடது, ஆனா குறைஞ்சபட்ச ஆர்டர்தான் கழுத்தை பிடிக்கும். எனக்கு சொன்னது 50 கிலோ, அதாவது 1000 டப்பா. நான் மாசம் 60 விக்கறேன், எல்லாம் தீர 16, 17 மாசம் ஆகும், எக்ஸ்பயரி 24 மாசம்னா கடைசி டப்பா வாங்கறவங்களுக்கு ஏழெட்டு மாசம்தான் மிச்சம். ரேட் பேசும்போது இதை யாரும் சொல்ல மாட்டாங்க, நீங்களே உங்க விற்பனையை வச்சு போட்டுப் பாருங்க. அவங்ககிட்ட ஏற்கனவே இருக்கற ஃபார்முலாவை எடுத்தா கம்மி எண்ணிக்கைக்கு ஒத்துக்கறவங்களும் உண்டு, ஆனா அதே க்ரீம் வேற லேபிள்லயும் போகும், நாளைக்கு கம்பெனியை மாத்தினா ஃபார்முலா நம்மகூட வராது. காசு குடுத்து புதுசா செய்யச் சொன்னீங்கன்னா எந்தப் பொருள் எத்தனை சதவீதம், ஃபார்முலா யாருக்கு சொந்தம்னு எழுதி வாங்குங்க, ஒவ்வொரு பேட்ச்சுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க.

மாசம் 60 டப்பாவுக்கு தனி இடமும் ஆளும் வச்சா எனக்கு கட்டாது, அதனால க்ரீமை வெளியில குடுக்கறேன். 50 கிலோ வேணாம், 20 கிலோ செஞ்சு குடுங்க, டப்பாவுக்கு கொஞ்சம் கூட குடுக்கறேன்னு பேசியிருக்கேன். 400 டப்பா, ஏழு மாசத்துல போயிடும்.