ஏ/பி டெஸ்டில் ஆள் எண்ணிக்கைச் சோதனை: மூன்று வருட அனுபவம்

டெஸ்ட் முடிந்ததும் எந்தப் பக்கம் ஜெயித்தது என்றுதான் முன்பெல்லாம் முதலில் பார்ப்பேன். இப்போது மூன்று வருடமாக, இரண்டு பக்கத்துக்கும் எத்தனை பேர் வந்தார்கள் என்பதைப் பார்த்த பிறகே மற்றதைத் திறக்கிறேன். இந்தப் பழக்கம் வரக் காரணமான டெஸ்ட் இது.

பயனர்களைச் சரிபாதியாகப் பிரித்திருந்தோம். பதிவானது பழைய பக்கத்தில் 50,412 பேர், புதியதில் 49,128 பேர். வாங்கியவர்கள் முறையே 2,016, 2,112. அதாவது 4.0 சதவீதம், 4.3 சதவீதம். பி-மதிப்பு 0.02-க்கும் கீழே. புதிய பக்கத்தையே வைத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் முடிவுக்கு வந்துவிட்டோம்.

ஆள் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட சமமாகத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. கை-வர்க்கச் சோதனையில் போட்டபோதுதான் உறைத்தது.

```
from scipy.stats import chisquare
chisquare([50412, 49128])
```

பி-மதிப்பு சுமார் 0.00005. உண்மையிலேயே சரிபாதியாகப் பிரிந்திருந்தால், இந்த அளவு வித்தியாசம் தற்செயலாக வருவது லட்சத்தில் ஐந்து முறைதான். எங்கோ ஆட்கள் உதிர்கிறார்கள் என்று அர்த்தம்.

சாதன வாரியாகப் பிரித்துப் பார்த்தோம். குறைவு பெரும்பாலும் பழைய, மெதுவான போன்களில் இருந்தது. புதிய பக்கத்துக்கு மட்டும் ஒரு ரீடைரக்ட் வைத்திருந்தோம். பயனர் பதிவாவதோ அது முடிந்து பக்கம் திறந்த பிறகு. காத்திருக்க முடியாமல் போனவர்கள் கணக்கிலேயே வரவில்லை. அவர்கள் எப்படியும் வாங்கியிருக்க வாய்ப்புக் குறைவு. இரு பக்க எண்ணிக்கைக்கும் இடையே குறைந்த அந்த 1,284 பேரை வாங்காதவர்களாகச் சேர்த்தால் புதிய பக்கத்தின் விகிதம் 4.19-க்கு இறங்குகிறது, பி-மதிப்பு 0.13 அருகே போகிறது. வெற்றி என்று நாங்கள் நம்பியதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், மெதுவான போன்காரர்கள் காணாமல் போனதால் வந்தது.

பழைய பக்கத்திலும் 1,284 பேரைக் குலுக்கல் முறையில் நீக்கிச் சமமாக்கலாமே என்று கேட்டார்கள். கூடாது. இங்கே உதிர்ந்தவர்கள் குலுக்கலில் உதிரவில்லை. எண்ணிக்கை சமமாகும், ஆட்களின் கலவை சமமாகாது. எந்தப் பக்கம் என்று ஒதுக்கும் நொடியிலேயே பதிவு செய்யும்படி மாற்றி, டெஸ்டை முதலிலிருந்து ஓட்டினோம். எண்ணிக்கை சரிபாதிக்கு வந்தது. அந்த முன்னிலை திரும்ப வரவில்லை.

எச்சரிக்கை வரம்பாக 0.001 வைத்திருக்கிறேன். ஆரம்பத்தில் 0.05 வைத்திருந்தேன். எல்லாம் சரியாக இருந்தாலும் இருபதில் ஒரு டெஸ்டில் மணி அடிக்கும், கொஞ்ச நாளில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். எண்ண வேண்டியது ஆட்களை, பக்கப் பார்வைகளை அல்ல; ஒரே ஆள் பத்து முறை வந்தால் சோதனை பொய் சொல்லும்.

இதற்குப் பிடிபடாத கோளாறும் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே அளவு ஆட்கள், ஆனால் வேறு வேறு வகை ஆட்கள் உதிர்ந்தால் எண்ணிக்கை சமமாகவே நிற்கும். அதனால் டெஸ்டுக்கு முந்தைய மாதத்தில் இரு குழுவும் எவ்வளவு வாங்கியிருந்தன என்பதையும் இப்போது ஒப்பிட்டுப் பார்க்கிறேன். புதுப் பயனர்களுக்கு அந்தப் பழைய கணக்கு கிடையாது. அவர்களுக்குச் சாதனம், உலாவி வாரியான எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்கிறேன்.