புயலுக்குப் பிறகு இன்சூரன்ஸ் முகாமுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

புதுச்சேரி ரெயின்போ நகரில் சின்னதாக ஸ்டேஷனரி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்து, நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை. கிருஷ்ணா நகர் பக்கம் ராணுவம் வந்துதான் ஆட்களை மீட்டது. எங்கள் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. நோட்டுப் புத்தகங்கள் ஊறிப் பெருத்து, ரேக்கை விட்டு வெளியே எடுக்கவே முடியாமல் இறுகிப்போய்விட்டன. கடப்பாரை வைத்து நெம்பித்தான் எடுத்தோம்.

அடுத்த வாரமே எங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியின் அறிவிப்பு வந்துவிட்டது. க்ளெய்ம் நடைமுறையை எளிமையாக்கியிருக்கிறோம், குறைந்த ஆவணங்கள் போதும், கட்டணமில்லா உதவி எண் இருக்கிறது, கல்யாண மண்டபத்தில் சிறப்பு முகாம் நடக்கிறது, தனியாக ஒரு சிறப்பு அதிகாரியை நியமித்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். பேரிடர் வந்தால் இப்படி அறிவிப்பது எல்லாக் கம்பெனிகளும் செய்கிற காரியம்தான். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த ‘எளிமை’ எங்கள் தெருவில் பலருக்கு இழப்பில் பாதிப் பணத்தைத்தான் கொடுத்தது. எனக்கும் அதையே கொடுக்கப் பார்த்தார்கள். அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் உதவி எண். கூப்பிட்டவுடன் எடுத்தார்கள், பெயர், பாலிசி எண் கேட்டார்கள், ஒரு எண்ணும் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. பார்க்க க்ளெய்ம் எண் மாதிரியே இருக்கும். ஆனால் அது க்ளெய்ம் எண் இல்லை, ‘சேவைக் கோரிக்கை’ எண். அதாவது நான் போன் செய்தேன் என்பதற்கான பதிவு மட்டும்தான். இழப்பு நடந்ததாக நான் தகவல் கொடுத்தேன் என்று அவர்கள் கணக்கில் ஏறவே இல்லை. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024இல் போட்ட விதிப்படி, க்ளெய்ம் தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் இழப்பை மதிப்பிடும் சர்வேயரை நியமிக்க வேண்டும். 15 நாளுக்குள் அவரிடமிருந்து அறிக்கையை வாங்க வேண்டும். அறிக்கை கைக்கு வந்த 7 நாளுக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். இந்தக் கணக்கு சேவைக் கோரிக்கை எண்ணிலிருந்து தொடங்காது. எனக்கு எந்த சர்வேயரும் வராததற்குக் காரணம் இதுதான். பாலிசியில் அச்சடித்திருந்த மின்னஞ்சல் முகவரிக்குக் கடையின் பெயர், பாலிசி எண், தண்ணீர் புகுந்த தேதி, எந்தெந்தப் பொருள் போயிற்று என்று எழுதி, அறிவிப்பில் இருந்த சிறப்பு அதிகாரிக்கும் நகல் அனுப்பிய பிறகுதான் உண்மையான க்ளெய்ம் எண் வந்தது.

இடையில் எங்கள் ஏரியா வாட்ஸ்அப் குழுக்களில் அதே அறிவிப்பு வேறு ஒரு மொபைல் எண்ணோடு சுற்றியது. சர்வேயர் கட்டணம் என்று முன்பணம் கேட்கிற கும்பல். சர்வேயருக்குப் பணம் கொடுப்பது கம்பெனி, நாம் ஒரு பைசா தர வேண்டியதில்லை. உங்கள் பாலிசித் தாளில் இருக்கிற எண்ணைத் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள்.

சர்வேயர் நேரில் வரவில்லை. வீடியோ கால். கரண்ட் இன்னும் வராத கடையில் டார்ச் வெளிச்சத்தில் என் தம்பி போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, போதும் சார், மீதியை முகாமில் முடித்துக்கொள்ளுங்கள் என்றார். சின்ன இழப்புகளுக்கு வீடியோவில் சர்வே செய்வது தப்பில்லை. ஆனால் நனைந்த சரக்கின் மிச்ச மதிப்பை அதில் கணிக்க முடியாது. என் க்ளெய்ம் கெட்டது அந்த இடத்தில்தான்.

முகாமில் ஒரு இளைஞர் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, "சார், ரெண்டு லட்சத்து முப்பத்தி நாலாயிரம் அப்ரூவ் ஆகியிருக்கு. எக்சஸ் கழிச்சு நாளைக்கே அக்கவுண்ட்ல ஏறிடும். இங்க ஒரு கையெழுத்து போடுங்க" என்று ஒரு தாளை நீட்டினார். எக்சஸ் என்பது இழப்பில் நாமே ஏற்க வேண்டிய பங்கு. அவர் நீட்டிய தாள் டிஸ்சார்ஜ் வவுச்சர். ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், இந்தத் தொகையை முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று இருந்தது. கணக்குத் தாள் எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் மெயில்ல வரும் சார், இன்னைக்கு முகாம் கடைசி நாள், அப்புறம் சென்னைக்குத்தான் அலையணும்" என்றார். நான் கையெழுத்துப் போடவில்லை. சர்வே அறிக்கையின் நகல் வேண்டும் என்று அங்கேயே எழுதிக் கொடுத்து, முத்திரையோடு ஒப்புதல் வாங்கிக்கொண்டு வந்தேன். கேட்டால் நகலைத் தர வேண்டியது அவர்கள் கடமை.

நகல் வந்ததும் விஷயம் புரிந்தது. என் பாலிசி பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா, சின்னக் கடைகளுக்கான பாலிசி. சரக்குக்கு 9 லட்சம் காப்பீடு. புயல் அன்று கடையில் இருந்த சரக்கு, ஜிஎஸ்டி கணக்குப்படி கொள்முதல் விலையில் 10 லட்சம். அதில் நனைந்து வீணானது 4 லட்சம். இதுவரை சர்வேயரும் நானும் ஒரே கணக்கில்தான் இருந்தோம்.

அதற்கப்புறம் அவர் இரண்டு வெட்டு வெட்டியிருக்கிறார். சால்வேஜ் என்று 35 சதவீதம், அதாவது 1,40,000 ரூபாயைக் கழித்திருக்கிறார். நனைந்த சரக்கை விற்றால் அவ்வளவு கிடைக்கும் என்று அர்த்தம். மீதி 2,60,000. அதன்மேல், 10 லட்சம் சரக்குக்கு 9 லட்சம்தான் காப்பீடு செய்திருக்கிறேன் என்பதால் பத்தில் ஒன்பது பங்குதான் தருவோம் என்று கணக்குப் போட்டு 2,34,000க்குக் கொண்டுவந்திருக்கிறார்.

முதல் வெட்டு எவ்வளவு தப்பு என்பது நோட்டுக் கடை வைத்திருக்கிற யாருக்கும் தெரியும். சேற்றுத் தண்ணீரில் ஊறிய நோட்டு இரண்டாம் நாளே ஒட்டிக்கொண்டு பூசணம் பிடிக்கும், நோட்டில் அடித்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும். பாதி விலைக்குக்கூட யாரும் வாங்க மாட்டார்கள். பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும், அதுவும் ஈரம் என்று விலையைக் குறைப்பார்கள். எனக்குக் கிலோ நான்கு ரூபாய்தான் கொடுத்தார்கள். சுமார் மூன்று டன், மொத்தமே 12,000 ரூபாய். நல்லவேளையாக எடை ரசீது கையில் இருந்தது. தூக்கிப் போடுவதற்கு முன் ஒவ்வொரு ரேக்கையும் தேதி தெரிகிற மாதிரி வீடியோ எடுத்திருந்தோம். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். அறிவிப்பில், சர்வே முடியும்வரை சேதமான பொருளை அகற்றாதீர்கள் என்று இருக்கும். மறுபக்கம் நாற்றம் தாங்காமல் நகராட்சி ஆட்கள் எடுக்கச் சொல்வார்கள். அப்போது சும்மா தூக்கிப் போட்டுவிட்டால் சால்வேஜ் கணக்கை மறுக்க உங்களிடம் ஒன்றுமே இருக்காது. இந்தத் தேதியில் அகற்றப் போகிறோம், அதற்குள் வந்து பாருங்கள் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, எடை ரசீதோடு கொடுங்கள்.

இரண்டாவது வெட்டு அதைவிட மோசம், ஏனென்றால் பாலிசியிலேயே அதற்கு இடமில்லை. சூக்ஷ்ம பாலிசியில் காப்பீட்டுத் தொகை சரக்கு மதிப்பைவிட 15 சதவீதம் வரை குறைந்திருந்தாலும் அதைக் கண்டுகொள்ளக் கூடாது. என் குறைவு 10 சதவீதம்தான். ஆகவே பங்கு வெட்டே கூடாது. என் பாக்கி 4,00,000த்தில் 12,000 போக 3,88,000, அதில் பாலிசிப்படி எக்சஸ் மட்டும் கழியும். அவர்கள் நீட்டிய தொகைக்கும் இதற்கும் 1,54,000 ரூபாய் வித்தியாசம். அந்த ஒரு கையெழுத்தின் விலை இது.

இதை அப்படியே இரண்டு பக்கத்தில் எழுதி, ரசீதும் வீடியோவும் இணைத்து, கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்பினேன். அவர்கள் 14 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். கூடவே ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் (bimabharosa.irdai.gov.in) பதிவு செய்தேன். 155255 என்ற எண்ணிலும் புகார் கொடுக்கலாம். பங்கு வெட்டை உடனே வாபஸ் வாங்கினார்கள், மறுப்பதற்கு அவர்களிடம் எதுவும் இல்லை. சால்வேஜை 35 சதவீதத்திலிருந்து 15க்குக் குறைத்து, அதற்கான பணத்தைப் போட்டிருக்கிறார்கள். அதாவது 60,000 ரூபாய் கழித்திருக்கிறார்கள், எனக்குக் கிடைத்ததோ 12,000. மீதி 48,000 ரூபாய்க்குச் சென்னையில் உள்ள, காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்த்துவைக்கும் ஆம்புட்ஸ்மனிடம் மனு கொடுத்திருக்கிறேன். தனி உரிமையாளர் கடைகளும் குறுந்தொழில்களும் அவரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. கம்பெனி மறுத்ததிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

பக்கத்தில் தையல் பொருட்கள் கடை வைத்திருக்கும் அக்கா முகாமில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இனி ஒன்றும் செய்ய முடியாதே தம்பி என்று என்னிடம் வந்து நின்றார். அவரைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முடியும். டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்து வாங்கியதை வைத்து, பாலிசிதாரர் கூடுதல் தொகை கேட்கும் உரிமையைத் தடுக்கக் கூடாது என்று ஐஆர்டிஏஐ 2015 செப்டம்பரிலேயே எல்லாப் பொதுக்காப்பீட்டுக் கம்பெனிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அக்காவும் சர்வே அறிக்கை கேட்டு எழுதியிருக்கிறார். அதில் துணிக்கும் நூலுக்கும் இதே 35 சதவீத சால்வேஜ்தான் இருந்தது. சரக்கு வேறாக இருந்தும் எல்லோருக்கும் ஒரே சதவீதம் என்றால், யாருடைய கடையையும் தனியாகப் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்? இதையே அவர் மனுவில் முதல் வரியாக எழுதினோம்.

உடனே பணம் வேண்டும் என்ற நிலை இருந்தால், வவுச்சரில் தொகைக்குப் பக்கத்தில் ‘ஆட்சேபத்துடன், பகுதித் தொகையாகப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று கையால் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத விடமாட்டோம் என்றால், அன்றே சிறப்பு அதிகாரிக்கு அதையே மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். ஆவணம் இல்லை என்று காரணம் காட்டி க்ளெய்மை நிராகரிக்கவும் இப்போதைய விதியில் இடமில்லை. பில் நனைந்துபோயிருந்தால் ஜிஎஸ்டி தளத்திலிருக்கும் கொள்முதல் விவரத்தையும், மொத்த வியாபாரியிடம் வாங்கிய கணக்கு நகலையும் கொடுங்கள். எனக்கு எடுபட்டது அதுதான்.