மின்னஞ்சலா, படிவமா, ஈசிசேரா? ஆய்வுக்கட்டுரை அழைப்பில் முதலில் முடிவாக வேண்டியது

அழைப்பு எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் உட்தலைப்புகளில் தொடங்குகிறார்கள். நாட்களை அடுத்துச் சேர்ப்பார்கள். ‘கட்டுரை அனுப்ப வேண்டிய முகவரி’ கடைசி வரியாக வந்து ஒட்டிக்கொள்ளும். இந்த வரிசையைத் தலைகீழாக்குவது நல்லது. கட்டுரை எந்த வழியில் வந்து சேரும் என்பதைப் பொறுத்தே உட்தலைப்புகளை எப்படிக் குறிப்பது, கடைசி நாளை எப்படி எழுதுவது என்பதெல்லாம் மாறும். வழிகள் மூன்று: மின்னஞ்சல், கூகுள் படிவம், ஈசிசேர் போன்ற மாநாட்டு மேலாண்மைத் தளம்.

ஒப்பிட ஒரு கற்பனை மாநாட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு நாள், 5 உட்தலைப்புகள், எதிர்பார்க்கும் ஆய்வுச்சுருக்கங்கள் 120. ஒவ்வொன்றையும் 2 பேர் பார்க்க வேண்டும் என்றால் 240 மதிப்பாய்வுகள். 15 மதிப்பாய்வாளர்கள் இருந்தால் ஆளுக்கு 16.

மின்னஞ்சலுக்கு ஒரு பலம் உண்டு, அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. இன்ஸ்டாகிராம் பதிவின் விளக்க வரிகளில் இணைப்பு கொடுத்தால் அது சொடுக்கத்தக்கதாக இருக்காது. சுவரொட்டியில் போடும் கியூஆர் குறியும் அந்தச் சுவரொட்டியைக் கைபேசியிலேயே பார்ப்பவருக்கு நேரடியாக உதவாது. கைபேசியின் கேமராவால் அதன் திரையையே பார்க்க முடியாதே. சுருக்க இணைப்பைக் கையால் தட்டச்சு செய்தால் சிறிய l, பெரிய I, எண் 1 மூன்றும் ஒன்றுபோலத் தெரிந்து குழப்பும். சிறிய, தெளிவான மின்னஞ்சல் முகவரியோ பார்த்தவுடன் மனதில் நிற்கும்.

ஆனால் 120 என்ற எண்ணிக்கையில் அஞ்சல்பெட்டி திணறும். ஒருவர் திருத்திய பிரதி அனுப்புவார், இன்னொருவர் இணைப்பை மறந்துவிட்டு மறுபடி அனுப்புவார். எது இறுதிப் பிரதி என்பதை யாராவது உட்கார்ந்து பிரிக்க வேண்டும். அதனால் மின்னஞ்சல் வழி என்றால் உட்தலைப்புகளுக்கு எண் கொடுத்தே ஆக வேண்டும். அஞ்சலின் பொருள் வரி ‘உட்தலைப்பு 3 – ஆசிரியர் பெயர்’ என்று இருக்க வேண்டும் என அழைப்பிலேயே சொன்னால் வடிகட்டி வைத்துத் தனித்தனியாகப் பிரிக்கலாம். ‘மற்றும் இவை தொடர்பான பிற தலைப்புகள்’ என்று முடிக்கும் வழக்கம் இங்கே சங்கடம் தரும். அதற்கும் ஓர் எண் வேண்டும்.

படிவம் இந்தப் பிரிக்கும் வேலையை ஒழித்துவிடுகிறது. உட்தலைப்பு தேர்வுப் பட்டியலாகிவிடும், பதில்கள் வரிசையாக அட்டவணையில் விழும். சிக்கல் கோப்புப் பதிவேற்றத்தில் ஒளிந்திருக்கிறது. படிவத்தில் அந்த வசதியைச் சேர்த்தால், அனுப்புபவர் கூகுள் கணக்கில் நுழைந்தே ஆக வேண்டும். படிவத்துக்கான மொத்தக் கொள்ளளவு தொடக்கத்தில் 1 ஜிபி. அதை மாற்றலாம், ஆனால் பலர் கவனிப்பதில்லை. எல்லாவற்றையும்விட மோசமானது, பதிவேற்றிய கோப்பின் பெயரோடு அனுப்பியவரின் கணக்குப் பெயரும் தானாகச் சேர்ந்துகொள்வது. பெயர் மறைத்த மதிப்பாய்வு என்று அழைப்பில் அறிவித்துவிட்டு அந்தக் கோப்புறையை அப்படியே மதிப்பாய்வாளருக்குப் பகிர்ந்தால் வாக்குறுதி அங்கேயே உடைகிறது.

சுருக்கத்துக்குக் கோப்பே வேண்டாம் என்பது எங்கள் தீர்ப்பு. உரைப்பெட்டியில் ஒட்டச் சொன்னால் மேலே சொன்ன மூன்று தொல்லைகளும் போய்விடும். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். படிவம் சொற்களை எண்ணாது, குறியீடுகளை எண்ணும். ‘ஆய்வுச்சுருக்கம்’ நம் கண்ணுக்கு 9 எழுத்து. புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால் கணினிக்கு அது 16. 300 சொற்களுக்கு 2,000 என்று உத்தேசமாக வரம்பு வைத்தால், அழைப்பை நம்பி 300 சொல் எழுதியவர் பாதியில் நிற்பார். வரம்பை 5,000 அளவில் தாராளமாக வைத்துவிட்டு, சொற்கணக்கை அழைப்பில் மட்டும் சொல்லுங்கள். இரண்டாவது, பழைய எழுத்துரு. பாமினியில் தட்டிய ‘அம்மா’ பெட்டியில் ‘mk;kh’ என்றுதான் விழும். ‘யூனிகோடில் மட்டும்’ என்ற இரண்டு சொல் அழைப்பில் இருந்தால் பாதித் தலைவலி தீரும்.

மேலாண்மைத் தளங்களில் ஈசிசேர், மைக்ரோசாஃப்டின் சிஎம்டி, ஓபன்ரிவ்யூ மூன்றும் பரவலாகப் புழங்குபவை. 240 மதிப்பாய்வுகளைப் பகிர்ந்து, நினைவூட்டி, முடிவை அறிவிப்பது வரை ஒரே இடத்தில் நடக்கும். பழைய பிரதி, புதிய பிரதி என்ற குழப்பமும் இல்லை. ஆனால் தளத்தில் கணக்கு இல்லாதவருக்கு அழைப்பிலேயே முன்னறிவிப்பு தேவை. ஓபன்ரிவ்யூவில் நிறுவன மின்னஞ்சல் இல்லாமல் கணக்குத் தொடங்கினால் அதைச் சரிபார்த்து ஏற்க இரண்டு வாரம் வரை ஆகலாம். கடைசி நாளன்று உள்ளே நுழையப் பார்ப்பவர் வாசலிலேயே நின்றுவிடுவார். இதைச் சொல்லாத அழைப்பு, எவ்வளவு அழகாக வடிவமைத்திருந்தாலும் குறையுள்ளதுதான்.

இரண்டு கட்டக் கடைசி நாள் வைப்பவர்களுக்கும் இங்கே ஒரு பொறி. முதல் தேதிக்குள் சுருக்கத்தைப் பதியாதவரால் முழுக்கட்டுரையை ஏற்ற முடியாதபடி தளத்தை அமைத்திருந்தால், முதல் தேதியும் கட்டாயம் என்று எழுத வேண்டும். ‘சுருக்கம்: செப்டம்பர் 15, கட்டுரை: நவம்பர் 2’ என்று மட்டும் போட்டால், நேராக நவம்பரில் வரலாம் என்றே பலர் படிப்பார்கள்.

நேரத்தைக் குறிப்பதில் மூன்று வழிகளும் வேறுபடுகின்றன. ‘15ஆம் தேதி நள்ளிரவு’ என்பது அன்று தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா என்ற சந்தேகத்தைக் கிளப்பும், இரவு 11.59 என்று எழுதுவதே சரி. மின்னஞ்சலில் சில மணி நேரம் தாமதமாக வந்ததை ஏற்பது உங்கள் விருப்பம். தானாக மூடும்படி அமைத்த தளமோ குறித்த நேரத்தில் மூடிக்கொள்ளும், ஆகவே நேர வலயம் கட்டாயம். பல நாட்டினரை அழைக்கும் மாநாடுகள் AoE என்று போடுவது வழக்கம்: பூமியில் எங்காவது அந்தத் தேதி மீதமிருக்கும்வரை செல்லும் என்று பொருள், அதாவது UTC−12. 15ஆம் தேதி இரவு 11.59 AoE என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் 16ஆம் தேதி மாலை 5.29, சிங்கப்பூரில் இரவு 7.59. குறியை மட்டும் போட்டுவிட்டு விடாமல், வாசகர் அதிகம் உள்ள ஓர் ஊரின் நேரத்தையும் பக்கத்தில் தருவது மரியாதை.

நம் 120 சுருக்க மாநாட்டுக்கு எங்கள் தேர்வு: சுருக்கத்துக்கு உரைப்பெட்டிப் படிவம், ஏற்கப்பட்டவர்களின் முழுக்கட்டுரைக்கு மேலாண்மைத் தளம், ஐயங்களுக்கு மட்டும் மின்னஞ்சல். 40க்குள் வரும், பெயர் மறைக்கத் தேவையில்லாத கருத்தரங்குக்கு மின்னஞ்சலே போதும். அழைப்பின் நடுப்பகுதி இப்படி அமையும்:

“சுருக்கம் (300 சொற்கள், யூனிகோடில் மட்டும்): 15 செப்டம்பர் 2026, செவ்வாய், இரவு 11.59, இந்திய நேரம். படிவத்தில் உரையாக ஒட்டவும்; கோப்பு வேண்டாம். முடிவு: 5 அக்டோபர், திங்கள். ஏற்கப்பட்டவர்களுக்கு மட்டும் முழுக்கட்டுரை: 2 நவம்பர், திங்கள், ஈசிசேர் வழியாக, இணைப்பு முடிவுடன் வரும்.”

இன்ஸ்டாகிராம் விளக்கத்துக்கு 2,200 குறியீடுகள்வரை இடமுண்டு. ஆனால் விரிக்காமல் தெரிவது முதல் ஓரிரு வரிகளே. மாநாட்டின் பெயரும் சுருக்கத்துக்கான கடைசி நாளும் அங்கேயே வந்துவிடட்டும், ‘பெருமகிழ்ச்சியுடன் அழைக்கிறோம்’ பிறகு வரலாம். நாள் நீட்டிக்க நேர்ந்தால் இந்த விளக்கத்தைத் திருத்தலாம். பதிந்த படத்தை மாற்ற முடியாது, வாட்ஸ்அப்பில் சுற்றும் சுவரொட்டியைத் திரும்பப் பெறவும் முடியாது. அதனால் படத்தில் மாநாட்டு நாளை மட்டும் வைத்துவிட்டு, அனுப்பும் கடைசி நாளை விளக்கத்திலும் படிவத்தின் தலைப்பிலும் போடுங்கள்.