இன்சிடென்ட் ரிப்போர்ட்டை ரிவியூ செய்ய: கமெண்ட் போடுவதா, நாமே திருத்துவதா, கூட உட்கார்ந்து படிப்பதா?

எங்கள் டீமில் சர்வர் ஏதாவது விழுந்தால் சரிசெய்தவர் ரிப்போர்ட் எழுத வேண்டும், இன்னொருவர் படித்துப் பார்த்து ஓகே சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது வேலை கொஞ்ச காலமாக என் தலையில். மூன்று விதமாகச் செய்து பார்த்துவிட்டேன்: டாக்குமெண்ட் ஓரத்தில் கமெண்ட் போடுவது, வாக்கியங்களை நானே திருத்தி எழுதுவது, எழுதியவர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பது. இப்போது மூன்றாவதுதான் செய்கிறேன். ஏன் என்பதை ஒரே ரிப்போர்ட்டை வைத்துச் சொல்வது சுலபம்.

நடந்தது இதுதான். புது வெர்ஷன் ஏற்றும்போது பழைய நாலு சர்வரை நிறுத்துவதற்கு முன்பே புது நாலும் எழுந்துவிட்டன. ஒவ்வொன்றும் டேட்டாபேஸுக்கு 20 கனெக்‌ஷன் திறக்கும். போஸ்ட்கிரெஸில் நாம் மாற்றாதவரை மொத்த வரம்பு 100, அதிலும் 3 சூப்பர்யூசருக்கு என்று ஒதுக்கப்பட்டவை. ஆக அப்ளிகேஷனுக்குக் கிடைப்பது 97. பழைய நாலும் 80-ஐப் பிடித்து வைத்திருக்க, மீதி 17-க்குப் புது நாலும் அடித்துக்கொண்டன. லாக் முழுக்க இந்த வரி:

```
FATAL: remaining connection slots are reserved for roles with the SUPERUSER attribute
```

இவ்வளவும் எனக்குப் பிறகு தெரிந்தது. முதலில் கைக்கு வந்த ரிப்போர்ட்டில் இருந்ததன் சாரம் இவ்வளவுதான்: 04:12-க்குப் பிரச்சினை தொடங்கியது, 9.50-க்கு வாடிக்கையாளர் புகார் வந்தது, டேட்டாபேஸில் லோடு அதிகமானதால் சிலருக்குப் பாதிப்பு, சர்வர் ரீஸ்டார்ட் செய்யப்பட்டு 10.07-க்குச் சரியானது.

அன்று காலை வழக்கம்போல கமெண்ட் போட்டேன். "தொடங்கிய நேரம் சரியா?" என்று கேட்டதற்கு, "சரிதான் அண்ணா, லாகில் இருந்தே எடுத்தேன்" என்று பதில் வந்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை. லாகில் 04:12 என்றுதான் இருக்கிறது, ஆனால் அது யூடிசி. நம் கடிகாரத்தில் காலை 9.42. புகார் நேரம் சாட்டில் இருந்து எடுத்தது, அது நம் நேரம். ரிப்போர்ட்டைப் படிக்கிற மேனேஜர் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் யாரும் கவனிக்கவில்லை என்றுதானே நினைப்பார்? உண்மையில் மொத்தமே 25 நிமிடம். "லோடு அதிகம் என்றால் எவ்வளவு?" என்ற கமெண்டுக்கு "ரொம்ப அதிகம்" என்று பதில். அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். நான் எதைத் தேடுகிறேன் என்று ஒரு வரிக் கமெண்டில் அவருக்கு எப்படிப் புரியும்?

மதியம் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ரிப்போர்ட் ஒரு பக்கம், லாக் ஒரு பக்கம். முதல் நேரத்தைக் காட்டி "இதை லாகில் காட்டு" என்றேன். அந்த வரியின் கடைசியில் `UTC` என்று இருந்ததை அவரே பார்த்துவிட்டார். அப்புறம் "லோடு அதிகம்னு எதைப் பார்த்து சொன்ன?" என்று கேட்டேன். "கனெக்‌ஷனை எண்ணிப் பார்த்தேன் அண்ணா, போட்டோ கூட எடுத்தேன், போன்ல இருக்கு" என்றார். திரையைப் போனில் பிடித்திருந்தார், 9.55-க்கு. ஓட்டியிருந்தது இது:

```
select client_addr, count(*)
from pg_stat_activity
where client_addr is not null group by 1;
```

நாலு முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து. நாலுக்கு 20, ஐந்தாவதுக்கு 17. புதியவற்றில் முந்திக்கொண்ட ஒன்று மிச்சத்தை எடுத்துக்கொண்டது, மற்ற மூன்றுக்கு ஒன்றும் இல்லை. "சிலருக்குப் பாதிப்பு" என்ற மங்கலான வாக்கியத்துக்கு விளக்கம் அந்தப் போட்டோவில் இருந்தது: அந்த மூன்று சர்வர்கள் பக்கம் போனவர்களுக்குத்தான் பக்கம் திறக்கவில்லை.

அடுத்தது "ரீஸ்டார்ட் செய்யப்பட்டு". இந்த 'செய்யப்பட்டு' வருகிற இடத்தில் எல்லாம் நிறுத்தி யார், எதை, எத்தனை மணிக்கு என்று மூன்றும் கேட்பேன். கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். 9.58-க்கு டேட்டாபேஸையே ரீஸ்டார்ட் செய்திருக்கிறார், இரண்டே நிமிடத்தில் அதே எரர் திரும்பி வந்திருக்கிறது. பிறகுதான் புது நாலையும் நிறுத்தியிருக்கிறார், 10.07-க்குச் சரியானது. பலிக்காத முயற்சி என்பதால் விட்டுவிட்டாராம். அடுத்த முறை இதே எரரைப் பார்த்து ரீஸ்டார்ட் பட்டனைத் தேடப் போகிற ஆளுக்கு அந்த ஒரு வரிதான் வேண்டும்.

நாமே திருத்தி எழுதுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேகமாக முடியும், நடை அழகாகும். ஆனால் இதற்கு முந்தைய ஒரு ரிப்போர்ட்டில் இதே போன்ற "சர்வர் ரீஸ்டார்ட் செய்யப்பட்டது" என்பதை "அப்ளிகேஷன் சர்வரை ரீஸ்டார்ட் செய்தோம்" என்று நான் மாற்றினேன். உண்மையில் அவர்கள் ரீஸ்டார்ட் செய்தது டேட்டாபேஸை. எழுதியவர் சீனியர் திருத்தியதாயிற்றே என்று அப்படியே ஏற்றுக்கொண்டார். புரியாமல் இருந்த வாக்கியம் தெளிவான தவறாக மாறி இரண்டு மாதம் கிடந்தது. புரியாத வாக்கியமாக இருந்தாலாவது யாராவது சந்தேகப்பட்டுக் கேட்டிருப்பார்கள். இப்போது எழுத்துப்பிழை, நிறுத்தற்குறி தவிர எதையும் என் கையால் தொடுவதில்லை.

கமெண்டுக்கும் நேரில் உட்காருவதற்கும் இடையில் என்னைப் பொறுத்தவரை தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: விடுபட்ட தகவல் எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும்? எங்கள் அப்ளிகேஷன் லாக் 7 நாள்தான் இருக்கும். மேலே உள்ள `pg_stat_activity` அதைவிட மோசம், அந்த நொடியில் இருப்பதை மட்டும் காட்டும், பழையதை வைத்திருக்காது. டேட்டாபேஸை ரீஸ்டார்ட் செய்த பிறகு 9.55 நிலவரத்துக்கு அந்தப் போட்டோவைத் தவிர சாட்சி கிடையாது. இன்னொரு சம்பவத்தில் "அந்த நேரத்தில் எத்தனை ரெக்வெஸ்ட் வந்தது?" என்று கமெண்ட் போட்டேன். சம்பவம் நடந்து நாலாம் நாள்தான் ரிப்போர்ட்டே என் கைக்கு வந்திருந்தது, அவர் வேறு வேலையில் இருந்து கமெண்டைப் பார்க்க மேலும் நாலு நாள். "லாக் போயிடுச்சு அண்ணா" என்று பதில். ரிப்போர்ட்டில் அந்த இடம் இன்னும் 'தெரியவில்லை' என்றுதான் இருக்கிறது. லாகை அதிக நாள் வைக்கலாமே என்று கேட்பீர்கள், வைக்கலாம்தான். ஆனால் ஆளின் நினைவை வைக்க முடியாது. எதை முதலில் முயன்றோம், எது பலிக்கவில்லை என்பது அடுத்த சம்பவம் வந்ததும் கலங்கிவிடும். அதனால் ரிப்போர்ட் முழுதாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மறுநாளே உட்கார்ந்துவிடுகிறேன்.

கமெண்டை அடியோடு ஒதுக்கவும் இல்லை. லிங்க் விட்டுப் போயிருக்கிறது, டிக்கெட் எண் தப்பு போன்றவற்றுக்கு அதுவே போதும். உட்கார்ந்து பேசி முடித்ததும் என்ன மாறியது, ஏன் மாறியது என்று நாலு வரி கமெண்டாகவே எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் பேசியது காற்றோடு போய்விடும். ஒன்று சொல்லிவிட வேண்டும்: எங்கள் டீம் ஒன்பது பேர், எல்லோரும் ஒரே மாடியில். வேறு நாட்டில் பாதிப் பேர் இருக்கிற டீமில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை. வீடியோ காலில் இரண்டு தடவை முயன்றேன். ஒரு தடவை நன்றாகப் போனது, இன்னொரு தடவை அவருடைய மேலாளரும் காலில் சேர்ந்துகொண்டார், அதன் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. நேரிலோ காலிலோ, எழுதியவரும் படிப்பவரும் மட்டும் இருந்தால்தான் அந்த 9.58 மாதிரியான வரிகள் வெளியே வருகின்றன.