"முற்பணம் எதிர்பார்க்கப்படுகிறது" என்று எழுதி வேலை தொடங்குபவர்கள் கவனத்துக்கு

கட்டட வரைபடம், பொறியியல் ஆலோசனை, திட்ட அறிக்கை என்று தனியாக வேலை எடுத்துச் செய்பவர்கள் இதை ஒருமுறை வாசியுங்கள். யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இரண்டு மாடி விருந்தினர் விடுதி ஒன்றுக்கு வரைபடம் செய்துகொடுத்த ஆலோசகர் ஒருவருக்கு, 600,000 ரூபாய் வேலையில் 50,000 தான் கைக்கு வந்தது. மிச்சத்துக்கு ஐந்து மாதமாக அலைகிறார். வாடிக்கையாளர் புதியவர், தெரிந்த ஒருவர் சொல்லி வந்தவர். பெயர், விலாசம் இங்கே வேண்டாம். பார்க்கவேண்டியது ஆலோசகர் அனுப்பிய முகப்புக் கடிதத்தைத்தான். முன்மொழிவோடு போன அந்த ஒரு பக்கத்தில் காசு பற்றி இருந்தது இவ்வளவுதான்:

"மொத்தக் கட்டணம் ரூ. 600,000. இதில் 25% முற்பணமாக எதிர்பார்க்கப்படுகிறது. 50% வரைபடங்கள் ஏற்றுக்கொள்ளப்பட்டதும், மீதி 25% அனுமதி கிடைத்ததும் செலுத்தப்படலாம்."

மரியாதையான வசனங்கள். ஆனால் மூன்றிலும் காசு எப்போது வரும் என்பது எழுதியவரின் கையில் இல்லை. முற்பணம் வராவிட்டால் வேலை தொடங்காது என்று எங்கும் சொல்லவில்லை. அதனால் 150,000 வரவேண்டிய இடத்தில் 50,000 வந்தது. "இப்ப இதை வச்சுத் தொடங்குங்கோ, அண்ணை லண்டனில இருந்து மாசக் கடைசியில மிச்சத்தைப் போடுவார்" என்றார் லண்டன்காரருக்காக இங்கே ஓடித்திரிந்த தம்பி. வேலை தொடங்கியது. தொடங்கிய பிறகு முற்பணத்தைக் கேட்க ஒரு பிடியும் இல்லை.

அடுத்த ஓட்டை "ஏற்றுக்கொள்ளப்பட்டதும்" என்ற சொல். முதல் வரைபு போனது. படிக்கட்டை மற்றப் பக்கம் மாற்றச் சொன்னார்கள். பிறகு குளியலறை, பிறகு முன் விறாந்தை, பிறகு திரும்பவும் படிக்கட்டு. நாலு தடவை திருத்தியாயிற்று. யாரும் பிடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. சரி என்று ஒருவர் வாய் திறந்தால் அன்றைக்கே 300,000 கொடுக்கவேண்டும், பிறகு ஏன் திறக்கிறார்? கடைசி 25 வீதமோ பிரதேச சபை அனுமதியோடு கட்டப்பட்டிருந்தது. விண்ணப்பத்தில் கையெழுத்து வைப்பதும் சபைக்குக் கட்டணம் கட்டுவதும் காணிச் சொந்தக்காரர். அவர் விண்ணப்பத்தைக் கொடுக்காமல் மேசையில் வைத்திருந்தால் ஆலோசகரின் காசும் அதே மேசையில்தான் கிடக்கும்.

முடிவு எதிர்பார்த்தபடிதான். கொந்தராத்துக்காரர் விலை சொல்லவேண்டும் என்று பொருள் அளவுப் பட்டியலான பி.ஓ.கியூவையும் ஓட்டோகாட் கோப்பையும் கேட்டார்கள், இவர் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார். மூன்று கிழமைக்குள் அதே வரைபடம் வேறொருவரின் பெயர்ப்பெட்டியோடு சபைக்குப் போனது. கேட்டபோது, "அண்ணைக்கு டிசைன் பிடிக்கேல்லையாம்."

கட்டம் கட்டமாகக் காசு கேட்பதென்றால் ஒவ்வொரு கட்டமும் நீங்கள் ஒப்படைக்கும் ஒரு பொருளில் முடியவேண்டும். அந்தக் கட்டத்தின் காசு அடுத்த கட்டத்துக்குக் கதவாக இருக்கவேண்டும். அதே 600,000 ரூபாயை இப்படிப் பிரித்திருந்தால் கதை மாறியிருக்கும்:

"வேலை தொடங்க முன் ரூ. 150,000. வரைபுத் திட்டம் ஒப்படைத்ததும் 120,000. பிரதேச சபைக்குக் கொடுக்கவேண்டிய வரைபடத் தொகுதி ஒப்படைத்ததும் 120,000. கட்டமைப்பு வரைபடங்கள் ஒப்படைத்ததும் 120,000. பி.ஓ.கியூவும் ஓட்டோகாட் கோப்புகளும் கையளிக்க முன் 90,000. முற்பணம் முழுவதும் எமது வங்கிக் கணக்கில் வரவான நாளிலிருந்தே வேலை நாட்கள் கணக்கிடப்படும். ஒரு கட்டத்தின் தொகை வரவான பின்னரே அடுத்த கட்டம் தொடங்கும். ஒப்படைத்து 7 நாட்களுக்குள் எழுத்தில் திருத்தம் தராவிட்டால் அந்தக் கட்டம் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு திருத்தங்கள் கட்டணத்தில் அடங்கும்."

முதல் மூன்று கட்டத்துக்கும் உழைப்பு ஏறக்குறைய சமம், ஒன்றுக்கு 120,000 ரூபாய் பெறுமதி, பி.ஓ.கியூவும் கோப்புகளும் சேர்ந்த கடைசிக் கட்டம் 240,000 பெறுமதி என்று வையுங்கள். முற்பணம் 150,000 என்பதால் வரைபுத் திட்டம் முடியும்போது செய்த வேலையைவிட 30,000 கூடுதலாகவே கையில் இருக்கும். வாடிக்கையாளர் அந்த இடத்தில் காணாமல் போனாலும் நட்டமில்லை. மூன்றாம் கட்டம்வரை இதே நிலைதான். கடைசிக் கட்டத்தில் மட்டும் 90,000 வெளியே நிற்கும். அதற்கு ஈடாக பி.ஓ.கியூவும் கோப்புகளும் உங்கள் கையில் நிற்கும். அதுவரை போகிற வரைபடமெல்லாம் "கட்டுமானத்துக்கு அல்ல" என்று குறுக்கே எழுதிய பி.டி.எஃப் ஆகப் போகட்டும். சபைக்குரிய தொகுதிக்கு மட்டும் அது சரிவராது, அதைக் கையெழுத்திட்ட தாள் பிரதியாகவே கொடுங்கள்.

25 வீதம் கேட்டால் புது ஆள் ஓடிவிடுவார் என்று பலர் பயப்படுகிறார்கள். பயமென்றால் வீதத்தைக் குறைக்காமல் முதற் கட்டத்தைச் சிறிதாக்குங்கள். அளவெடுப்பும் வரைபுத் திட்டமும் மட்டும் 120,000, பாதி முன்னே, பாதி கையளிக்கும்போது என்று தனிக் கடிதமாகக் கொடுக்கலாம். அதற்கும் பின்னடிப்பவர் பெரிய தொகைக்கு எப்படி நடப்பார் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கலும் இதில் இருந்தது. கடிதம் இங்கே ஓடித்திரிந்த தம்பிக்கு எழுதப்பட்டது. காசு அனுப்பவேண்டியவர் லண்டனில் இருந்த அண்ணன். இப்போது தம்பி, "நான் இடையில நிண்டு உதவி செய்தனான், காசு அண்ணையின்ர பொறுப்பு" என்கிறார். அண்ணனோ, "உங்களோட நான் ஒண்டும் கதைக்கேல்லையே" என்கிறார். ஆகவே கடிதம் எழுத முன்னர் காணி உறுதியின் பிரதியைக் கேளுங்கள். சபை விண்ணப்பத்துக்கும் அது வேண்டியதுதான், கேட்பதில் வெட்கம் இல்லை. உறுதியில் யார் பெயரோ அவருக்கே கடிதம் எழுதுங்கள். உள்ளூரில் கதைப்பவரை "உரிமையாளர் சார்பில் திருத்தங்கள் தர அதிகாரம் பெற்றவர்" என்று ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும். உறுதியில் உள்ளவரும் காசு தருபவரும் வேறானால் இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

கையெழுத்து எங்கே என்பதும் முக்கியம். முகப்புக் கடிதம் தனியே நின்றால் அது உங்கள் கேள்வி மட்டுமே. அடியில் "மேற்படி கட்டணத்துக்கும் கட்டங்களுக்கும் சம்மதிக்கிறேன்" என்று எழுதி, பெயர், அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கம், திகதி, கையெழுத்துக்கு இடம் விடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து தன் மின்னஞ்சலில் இருந்தே அனுப்பட்டும். நிறுவனமாக இருந்தால் இன்னொரு பொறி உண்டு. உங்கள் கடிதத்துக்குப் பதிலாக அவர்களுடைய வேலை ஆணை வரும், அதன் பின்பக்கத்தில் "வேலை முடிந்து 60 நாட்களில்" என்று பொடி எழுத்தில் இருக்கும். அதைக் கண்டும் பேசாமல் தொடங்கினால் அவர்களுடைய நிபந்தனையை ஏற்றதாக வாதாட இடம் கொடுக்கிறீர்கள். "எமது கடிதத்தின் கட்டண நிபந்தனைகளே பொருந்தும்" என்று பதில் போட்டு, அவர்கள் எழுத்தில் சம்மதித்த பிறகே தொடங்குங்கள்.

இந்த ஆலோசகருக்கு மிஞ்சியிருப்பது மின்னஞ்சல்களும் வாட்ஸ்அப் செய்திகளும் 50,000 வந்த வங்கிப் பதிவும். எந்தக் கோப்பு எந்தத் திகதியில் போனது என்று பட்டியலிட்டு, ஒப்படைத்த பகுதிகளுக்குத் தனித்தனியாக விலைப்பட்டியல் போட்டு, சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறார், தம்பிக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று. எழுத்து ஒப்பந்தமென்றால் வழக்கு வைக்க 6 வருடம், வாய்ப்பேச்சென்றால் அதைவிடக் குறைந்த காலம்தான். கையெழுத்து இல்லாத அவருடைய கடிதம் இதில் எந்தப் பக்கம் சேரும் என்பதுதான் சட்டத்தரணி இப்போது மண்டையை உடைக்கும் கேள்வி.