ஒரே படம், இரண்டு கேபிள்

கறுப்புப் பின்னல் உறை, இரு முனையிலும் யுஎஸ்பி-சி. ஆன்லைன் கடையின் படத்தில் இரண்டு கேபிளுக்கும் இம்மியளவு வித்தியாசம் தெரியவில்லை. ஒன்றின் தலைப்பில் 240 வாட், மற்றதில் 100 வாட். பெரிய எண்தான் உசத்தி என்று நினைத்து 240 வாட்டை வாங்கினேன். சார்ஜ் ஜோராக ஏறியது. ஆனால் வெளி எஸ்எஸ்டியிலிருந்து 50 ஜிபி வீடியோவை நகலெடுக்க 20 நிமிடத்துக்கு மேல் பிடித்தது. பிறகு 100 வாட் கேபிளையும் வாங்கிப் பார்த்தேன், அதில் அதே வேலை ஓரிரு நிமிடம்தான்.

காரணம் உறைக்குள் இருக்கிறது. வாட் என்பது மின்சாரக் கணக்கு. 240 வாட்டுக்கு 48 வோல்ட்டில் 5 ஆம்பியர் தாங்கும் கம்பிகளும், கேபிளின் தகுதியைச் சார்ஜருக்குச் சொல்லும் ஒரு சிறு சில்லும் வேண்டும். தரவு போகும் கம்பிகள் தனி. நான் வாங்கியதில் யுஎஸ்பி 2.0-க்கான ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. அதன் உச்சம் 480 எம்பிபிஎஸ். மற்றதில் அதிவேக ஜோடிகளும் உண்டு, அதனால் 10 ஜிபிபிஎஸ். மானிட்டருக்குப் படம் போவதும் அந்த ஜோடிகள் வழியாகத்தான். என் கேபிளில் மானிட்டரை இணைத்தால் திரை இருட்டாகவே கிடக்கும்.

அப்படியானால் எதை ஒப்பிடுவது? முதலில் விவரப் பட்டியலில் தரவு வேகம். அந்த வரியே இல்லை என்றால் 480 என்றே எடுத்துக்கொள்வேன். "ஃபாஸ்ட்", "சூப்பர்" போன்ற சொற்கள் பெரும்பாலும் சார்ஜைத்தான் குறிக்கும்.

அப்புறம் நீளம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 10 ஜிபிபிஎஸ் தரும் சாதாரண கேபிள் பொதுவாக ஒரு மீட்டர் அளவில்தான் இருக்கும். ஒரே பக்கத்தில் 1 மீட்டர், 2 மீட்டர் என்று தேர்வு கொடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே படத்தைப் போட்டிருப்பார்கள். நீளத்தை மாற்றும்போது மாடல் எண்ணும் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் விவரப் பட்டியலை மறுபடி படிக்க வேண்டும். கடைசி ஓரெழுத்து மாறினாலும் சரி. கீழே இருக்கும் மதிப்புரைகள் எந்த நீளத்துக்கு எழுதப்பட்டவை என்பதும் கவனிக்க வேண்டியதே.

கைக்கு வந்த பிறகு சோதிக்கவும் வழி உண்டு. வேகமான எஸ்எஸ்டியை இணைத்து, லினக்ஸில் இதைத் தட்டுங்கள்:

```
lsusb -t
```

எஸ்எஸ்டி இருக்கும் வரியின் முடிவில் `480M` என்று வந்தால் கேபிளையே முதலில் சந்தேகிக்கலாம். `10000M` என்றால் கவலையில்லை. கணினியின் போர்ட்டே மெதுவானதாக இருந்தாலும் 480 காட்டும் என்பதால், அதே போர்ட்டில் வேறொரு கேபிளையும் போட்டுப் பாருங்கள்.

என் 240 வாட் கேபிள் இப்போது லேப்டாப் சார்ஜரோடு நிரந்தரமாகக் கிடக்கிறது. அந்த வேலைக்கு அதில் ஒரு குறையும் இல்லை.